பேழையும் பெரியப்பாவின் பெட்டியும்

2015 டிசம்பர் 3-ஆம் தேதி காலை, மயிலாப்பூரில் எங்கள் மூன்றாம் மாடி வாசலில் பெரியப்பா வந்து நின்றார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. தலையில் ஒரு தகரப் பெட்டி. பின்னால் பெரியம்மா, கையில் ஆளுக்கொரு செருப்பாக இரண்டு. கோட்டூர்புரத்தில் அவர்களுடைய தரைத்தள வீட்டை முந்தாநாள் ராத்திரி அடையாறு அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் குடிவந்து பிடித்துக்கொண்டுவிட்டது.

"பிரளயம்டா! நோவா காலத்துக்கு அப்புறம் இப்பத்தான்" என்றார் பெரியப்பா, பெட்டியை இறக்கிக்கொண்டே.

"நோவா பொண்டாட்டிய ஏத்திட்டுக் கதவைச் சாத்துனாரு. நீங்க பொட்டிய ஏத்திட்டுத்தானே என்னைத் திரும்பிப் பாத்தீங்க?" என்றார் பெரியம்மா.

தனக்கே தெரியாமல் பெரியம்மா அப்போது ஒப்பீட்டு ஆய்வில் இறங்கியிருந்தார். அதற்கு அந்த நாளும் பொருத்தமானது. சரியாக 143 ஆண்டுகளுக்கு முன், 1872 டிசம்பர் 3-ஆம் தேதி, லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். பணநோட்டு அச்சிடும் தகட்டில் செதுக்கு வேலை பழகியவர். ஓய்வு நேரத்தில் ஆப்பெழுத்துப் படிக்கக் கற்று, பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் நோவா கதையைப் போலவே படகு, மலை, பறவை எல்லாம் இருப்பதைக் கண்டதும், மனிதர் அறையைச் சுற்றி ஓடிச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு.

அன்று ஆரம்பித்தது சண்டை. உலகம் முழுக்க ஒரே வெள்ளம் வந்தது, அதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. ஒருத்தன் எழுதினான், மற்றவன் காப்பியடித்தான் என்றது இன்னொரு கட்சி. இரண்டுமே சொத்துத் தகராறு. எனக்கு அதில் பங்கு வேண்டாம். ஸ்டித் தாம்ஸன் என்ற அமெரிக்கர் உலகக் கதைகளின் கூறுகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரேஷன் கார்டு மாதிரி ஒரு எண் கொடுத்திருக்கிறார். உலகை அழிக்கும் வெள்ளத்துக்கு A1010. படகில் தப்பினால் A1021. மலையேறித் தப்பினால் A1022. நானும் அவர் வழியில் கூறு கூறாகவே போகிறேன்.

தூக்கம்

முதல் கேள்வி: வெள்ளம் ஏன் வந்தது?

பைபிளில் காரணம் பாவம். பாபிலோனில் காரணம் தூக்கமின்மை. அத்ரஹசிஸ் என்ற பழைய பாபிலோனியக் கதையின்படி, ஆரம்பத்தில் சின்னத் தேவர்கள்தான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகு ஒடிந்ததும் மண்வெட்டியைக் கொளுத்திவிட்டு, பெரிய தேவர் என்லில் வீட்டை முற்றுகையிட்டார்கள். பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட உடன்பாடு: ஒரு தேவனைக் கொன்று அவன் ரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்வது, வேலையை அவன் தலையில் கட்டுவது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை அங்கேதான் தொடங்கியது.

ஆனால் இந்தத் தொழிலாளர்கள் பிள்ளை பெற்றார்கள். 1200 ஆண்டுகூட ஆகவில்லை, இரைச்சல் தாங்கவில்லை. என்லிலுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் கொள்ளைநோய் அனுப்பினார், பிறகு வறட்சி, பிறகு பஞ்சம். எதற்கும் சத்தம் அடங்காததால் கடைசியில் வெள்ளம். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாடி ஜன்னலோரம் படுத்துத் தூங்கப் பார்த்தவர்கள் என்லிலை அவ்வளவு சீக்கிரம் திட்ட மாட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம் திரும்பினால் கதை தலைகீழ். பாகவதத்தில், பிரம்மாவின் பகல் முடிந்து அவருக்குத் தூக்கம் வருகிறது. அவர் கண்ணயர்ந்ததும் உலகம் முங்குகிறது. யார் மேலும் கோபமில்லை, யாருக்கும் தண்டனையில்லை. கடை சாத்தும் நேரம், அவ்வளவுதான். அங்கே சாமிக்குத் தூக்கம் வராததால் வெள்ளம். இங்கே வந்ததால் வெள்ளம்.

காவிரிப்பூம்பட்டினத்துக்கு இன்னொரு காரணம். மணிமேகலையில் சோழ மன்னன், காணாமல்போன தன் குழந்தையைத் தேடும் துக்கத்தில் இந்திர விழாவை மறந்துவிடுகிறான். கடல் வந்து ஊரை எடுத்துக்கொள்கிறது. பாவம் இல்லை, இரைச்சலும் இல்லை. திருவிழாவை விட்டதுதான் குற்றம். அறுபத்துமூவர் உற்சவத்தை ஒரு வருடம் மறந்துபோனால் என்ன ஆகும் என்று எந்த மயிலாப்பூர்க்காரரிடமும் கேளுங்கள். இந்தக் காரணம்தான் நான்கிலும் நியாயமானது என்பார்.

ஆக, வெள்ளத்துக்கான காரணம் வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கதை சொல்கிறவனுக்கு எதன்மேல் பயம் என்பதைச் சொல்கிறது.

சுவரிடம் சொன்னது

இரண்டாவது கூறு, ரகசியம் கசிவது. வெள்ளம் வரப்போவதை மனிதரிடம் சொல்லக்கூடாது என்று பாபிலோனியத் தேவர்கள் சத்தியம் செய்துகொள்கிறார்கள். ஈயா என்ற தேவருக்கு மனசு கேட்கவில்லை. சத்தியத்தையும் மீற முடியாது. ஆகவே நாணல் தட்டிச் சுவரிடம் போய்ச் சொல்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பக்தர் இருந்தது தற்செயல்.

கில்கமேஷ் காவியத்தில் இதற்கு ஒரு பத்திரிகைக் குறிப்பும் தயாராகிறது. 'ஏன் இவ்வளவு பெரிய படகு?' என்று ஊர் கேட்டால் என்ன சொல்ல? என்லிலுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதனால் ஊரை விட்டுப் போகிறேன். நான் போனதும் உங்கள்மேல் அப்பமும் கோதுமையும் மழையாகப் பொழியும். இப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார் ஈயா. மழை பொழியும் என்ற பகுதி மட்டும் உண்மை.

மனுவுக்குச் சேதி கொண்டுவந்தது மீன். சதபத பிராமணத்தில், காலையில் கைகழுவ வைத்த தண்ணீரில் ஒரு குட்டி மீன் வந்து, என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் உலகத்தில் அது கேட்பது பாதுகாப்பு. முதலில் குடம், பிறகு குழி, பிறகு கடல் என்று அதற்கு இடம் போதாமல் போய்க்கொண்டே இருக்கிறது. குடித்தனக்காரர் பெருத்துக்கொண்டே போவதைப் பார்த்தும் காலி செய்யச் சொல்லாத ஒரே வீட்டுக்காரர் மனுதான். பாகவதத்தில் இந்த வீட்டுக்காரர் சத்தியவிரதன், திராவிட நாட்டு அரசன். மீன் வந்த இடம் கிருதமாலா நதி. கிருதுமால் என்ற பெயரில் மதுரையில் இன்னும் ஓடுகிறது, சாக்கடையாக. இன்று அதில் அள்ளிய கை நீரில் மீன் வந்தால், அதுதான் அவதாரம்.

இனி நம் கதை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அன்று படிப்படியாக ஏறி விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. வழியில் மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. காதில் விழவில்லை என்றது ஆற்றங்கரை. இரண்டும் உண்மையாக இருக்க ஒரே வழிதான் உண்டு: சுவரிடம் சொல்லியிருப்பார்கள். மறுநாள், 1878-இல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, வெள்ளத்தால் 'தி இந்து' நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. பேப்பரில் வராததால் வெள்ளம் வந்ததையே இரண்டு நாள் நம்பாத மயிலாப்பூர் மாமாக்கள் உண்டு.

பெட்டிக்குள் என்ன?

படகைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஊரும் தன் துறையில் கட்டியிருந்ததையே எடுத்துக்கொண்டது. 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம் என்று நோவாவுக்கு ஒரு நீளப்பெட்டி. கில்கமேஷில் நீளமும் அகலமும் உயரமும் ஒன்றேயான சதுரக் கட்டடம். இர்விங் ஃபிங்கல் என்ற அறிஞர் படித்த ஒரு பலகையில் அது கயிறு சுற்றித் தார் பூசிய வட்டப் படகு. அதாவது ஒகேனக்கல் பரிசல், சுமார் 70 மீட்டர் விட்டத்தில். கிரேக்கத்து தியூகலியோன் தம்பதிக்கு ஒரு மரப்பெட்டி. சீர்காழியில் சிவனும் உமையும் தோணியில் மிதந்து வந்ததால் தோணியப்பர். கும்பகோணத்தில் மனிதரே வேண்டாம் என்று படைப்பின் விதையை ஒரு குடத்தில் போட்டு மிதக்கவிட்டார் பிரம்மா. அந்தக் கும்பம் தங்கிய இடம்தான் ஊர்.

படகை விடச் சரக்குதான் சுவாரசியம். கில்கமேஷ் கதையின் உத்னபிஷ்தம் முதலில் ஏற்றியது வெள்ளியும் தங்கமும். அடுத்து உறவினர், கால்நடை, கைவினைஞர். கதவை வெளியிலிருந்து அடைத்து மெழுகியவனுக்குக் கூலியாக, தன் மாளிகையையும் அதிலுள்ள சாமான்களையும் கொடுத்துவிட்டுப் போகிறார். முங்கப்போகும் வீட்டை முந்தின நாள் கைமாற்றிவிட்ட முதல் மனிதர் அவர். தி. நகர் புரோக்கர்கள் மாலை போட வேண்டிய படம்.

நோவாவின் சரக்கில் ஒரு கணக்குக் குழப்பம் உண்டு. ஓரிடத்தில் எல்லா உயிரிலும் ஒரு ஜோடி என்கிறது ஆதியாகமம். அடுத்த அதிகாரத்தில், சுத்தமான மிருகங்களில் மட்டும் ஏழு ஜோடி என்கிறது. இரண்டு பழைய கதைகளைச் சேர்த்துத் தைத்ததால் வந்த மடிப்பு இது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. எங்கே தைத்தார்கள் என்பதற்கும் துப்பு இருக்கிறது. ஏழு ஜோடிக் கதையில், தரையிறங்கியதும் நோவா பலி கொடுக்கிறார். கையில் ஒரே ஜோடி ஆடு இருந்து அதில் ஒன்றைப் பலி கொடுத்தால், அன்றோடு உலகத்தில் ஆடு முடிந்தது. பலி நடக்கும் கதைக்கு ஸ்டெப்னி வேண்டும். பலி இல்லாத கதைக்கு ஒரு ஜோடி போதும்.

தமிழர் கதையில் படகே இல்லை. இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கணக்கில் முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. முதல் இரண்டு சங்கம் இருந்த ஊர்களும் கடலுக்குப் போயின. மூன்று எண்ணும் 37-ஆல் மீதமின்றி வகுபடுகின்றன. எந்த ஆடிட்டரும் இதைப் பார்த்த உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வரலாறு இவ்வளவு ஒழுங்காக ஓடாது, கதை ஓடும்.

ஆனால் அந்தக் கதை எதற்காக அழுகிறது என்று பாருங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற பேச்சே இல்லை. ஆடு மாடு இல்லை, தங்கம் இல்லை. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று காணாமல்போன நூல்களின் பெயரைத்தான் வரிசையாகச் சொல்கிறது. மற்ற ஊரில் வெள்ளத்துக்குப் பிறகு விதை மிஞ்சியது. இங்கே நூலகத்தின் பதிவேடு மட்டும் மிஞ்சியது. 1864-இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட தேவாங்குச் சாதிகளுக்கு விளக்கம் தேடி, கடலில் முங்கிய லெமூரியா என்று ஒரு நிலத்தை ஊகித்தார். தேவாங்குக்குப் போட்ட அந்தப் பாலத்தில் பின்னாளில் நாம் புலவர்களைக் குடியேற்றினோம். பிறகு, கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் நிலவியலார் பாலத்தைக் கழற்றிவிட்டார்கள். புலவர்கள் இறங்க மறுக்கிறார்கள்.

அன்று பெரியப்பாவின் பெட்டியைத் திறந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ரேஷன் கார்டு, 1979 முதல் கட்டிய மின்கட்டண ரசீதுகள், வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ். அசல் எங்கே என்று கேட்டோம். பீரோவின் அடித்தட்டில், அடையாற்றின் வசம். அசல் போய் அட்டவணை தப்புவது பரம்பரை வழக்கம் என்று சமாதானம் சொன்னேன்.

"என் பட்டுப்புடவை?" என்றார் பெரியம்மா.

பெட்டியை மறுபடி மூடினோம்.

காக்கையும் வாட்ச்மேனும்

தண்ணீர் வடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உத்னபிஷ்தம் முதலில் புறாவை விட்டார், திரும்பியது. தகைவிலானை விட்டார், அதுவும் திரும்பியது. காக்கை இனத்துப் பறவை ஒன்றை விட்டார். இரை கிடைத்ததால் அது திரும்பவில்லை. நோவா முதலில் அந்தக் காக்கைச் சாதியை விட்டார், பிறகு புறாவை. புறா முதலில் வெறுமனே திரும்பியது, அடுத்து ஒலிவ இலையோடு வந்தது, கடைசியில் வரவே இல்லை.

பெரியப்பா மீனவர் படகில் கிளம்பிய பிறகும் மாடியிலேயே தங்கிவிட்ட கோட்டூர்புரத்துக் குடும்பங்கள் எங்களிடம் பிறகு சொன்னது இது. 2-ஆம் தேதி சாயங்காலம் வாட்ச்மேனைக் கீழே அனுப்பினார்கள். அஞ்சு படி தெரியுது என்று திரும்பி வந்தார். ராத்திரி மறுபடி, ஒன்பது படி. விடிந்ததும் மூன்றாம் முறை அனுப்பினார்கள். ஆள் திரும்பவே இல்லை. ஒரு மணி நேரம் கவலைப்பட்டார்கள். பிறகுதான் மெயின் ரோட்டில் டீக்கடை திறந்துவிட்டது தெரிந்தது.

வாட்ச்மேன் கில்கமேஷ் படித்தவர் அல்ல. ஆகவே இங்கே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் உயரத்துக்கு ஓடுவது, மிதப்பதில் ஏறுவது, வடிந்ததா என்று ஆள் விட்டுப் பார்ப்பது, இதெல்லாம் தேவை கற்றுக்கொடுப்பது. அந்த டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் நனைந்த மெத்தையைக் கைப்பிடிச்சுவரில் காயப்போட்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை. ஆனால் இரண்டு வீட்டு மெத்தையிலும் மூலைக்கு மூன்று பச்சைநூல் முடிச்சு இருந்தால், தைத்தவன் ஒருவன்தானோ என்று சந்தேகிக்கலாம். பறவைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, கடைசியில் திரும்பாததை அடையாளமாக வைத்து, இறங்கியதும் பலி கொடுத்து, அந்த மணத்தைத் தெய்வம் முகர்வது என்று இத்தனை முடிச்சும் அதே வரிசையில் பாபிலோனிலும் பைபிளிலும் இருக்கின்றன. அவை பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்றிடம் மற்றது கேட்டதுதான். மனுவின் கதையிலோ பறவையே இல்லை, கொம்பு வைத்த மீன் இருக்கிறது. அந்த மீன் பாபிலோனில் இல்லை. படகு ஒன்றை மட்டும் வைத்து மூன்றையும் ஒரே குடும்ப அட்டையில் சேர்க்க முடியாது.

அந்த டிசம்பரில் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிப்போனார்கள். மனுவை இழுத்தது மீன். பெரியப்பாவை இழுத்தது மீனவர். இதற்கும் பொது மூலம் தேட வேண்டாம்.

படகே வேண்டாதவர்கள்

கடைசிக் கூறு எனக்கு மிகவும் பிடித்தது. சீனத்துப் பெருவெள்ளத்தில் யாரும் படகில் ஏறித் தப்புவதில்லை. குன் என்பவரிடம் வெள்ளத்தை அடக்கும் வேலை தரப்பட்டது. தானாக வளரும் மண்ணை வானத்திலிருந்து திருடிவந்து ஒன்பது ஆண்டு அணை போட்டார். தண்ணீர் உடைத்துக்கொண்டு போயிற்று. குன்னின் தலையும் போயிற்று. அவர் மகன் யூ வந்தார். அணையை விட்டுவிட்டு, தண்ணீர் கடலுக்குப் போக வழி வெட்டினார். வேலை மும்முரத்தில் சொந்த வீட்டு வாசலை மூன்று முறை தாண்டிப்போயும் உள்ளே நுழையவில்லை என்பார்கள். அதற்குப் பரிசாக அரச பதவியே கிடைத்தது. வடிகால் வேலைக்கு அரியணை கிடைத்த கதை உலகத்தில் இது ஒன்றுதான்.

நம்மிடமும் கிட்டத்தட்ட ஒன்று உண்டு. வைகை உடைத்துக்கொண்டதும், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்கிறான் பாண்டியன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்த சிவன், உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்று, ஆடிப் பாடி, அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். பிரம்படி அவர் முதுகில் விழுகிறது, எல்லா உயிருக்கும் வலிக்கிறது. சீனத்தில் மேற்பார்வையாளர் கதாநாயகன். மதுரையில் மஸ்டர் ரோல் கூலியாள் கதாநாயகன். வெள்ளக் கதையைப் படகிலிருந்து இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்ததில் இரண்டும் ஒரே கட்சி. தப்பித்தவன் யார் என்று கேட்காமல், கரையில் உன் பங்கு எங்கே என்று கேட்கும் கட்சி.

சென்னைக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. தி. நகர் இருக்குமிடத்தில் முன்பு மாம்பலம் ஏரி இருந்தது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியின் பகுதி. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-களில் நீரை வடித்து மனை போட்டு, பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை வைத்தார்கள். மிச்சமிருந்த இன்னொரு பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. யூ தண்ணீருக்கு வழி விட்டார். நாம் தண்ணீரின் வீட்டில் குடியேறிவிட்டு, அது வரும்போதெல்லாம் அத்துமீறல் என்று புகார் கொடுக்கிறோம். 2018-இல் வெளியான தணிக்கை அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. பாவம், இரைச்சல், தூக்கம், மறந்த திருவிழா என்ற பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியப்பா கோட்டூர்புரத்து வீட்டை விற்றுவிட்டார். மாற்று வீடு பார்க்க ஒரு நாள் புரோக்கர் எங்களை மேற்கு மாம்பலத்துக்கு அழைத்துப் போனார். தரைத்தளம், கிழக்குப் பார்த்த வாசல். தெருமுனைப் பலகையில் 'லேக் வியூ ரோடு' என்று இருந்தது.

பெரியப்பா நான்கு பக்கமும் பார்த்தார். "லேக் எங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம் சார். ஏரி போயி நூறு வருஷமாச்சு" என்றார் புரோக்கர்.

பெரியம்மா வாசற்படியின் உயரத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து கேட்டார்:

"அது போயிடுச்சுன்னு ஏரிக்குத் தெரியுமாப்பா?"